ஏஐ அவதார் பேசுற வீடியோவுக்கு தமிழ் ஸ்கிரிப்ட் எழுதுன கதை: ஓஆர்எஸ் வீடியோ ஒண்ணு

எங்க ஊர்ல ஒரு சின்ன கிளினிக், வெயிட்டிங் ஹால்ல டிவி ஒண்ணு தொங்குது, அதுல ஓட விடுறதுக்கு ஓஆர்எஸ் கரைசல் எப்படி கலக்குறதுன்னு ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு வீடியோ வேணும்னு டாக்டர் கேட்டாங்க. யாரும் கேமரா முன்னாடி நிக்க ரெடியா இல்ல, சிஸ்டருங்களுக்கு வெக்கம், டாக்டருக்கு நேரம் இல்ல, அதனால ஏஐ அவதார் வச்சு பண்ணிடலாம்னு முடிவாச்சு. டூல் எதுன்னு இங்க முக்கியமில்ல, ஏன்னா இந்த மாதிரி எல்லா டூலும் ஒரே வேலையத்தான் செய்யுது: நீங்க டெக்ஸ்ட் இல்லன்னா ஆடியோ குடுப்பீங்க, அது ஏற்கனவே ஷூட் பண்ணி வச்ச ஒரு மனுஷ உருவத்தோட வாயை அந்த சத்தத்துக்கு ஏத்த மாதிரி அசைச்சு குடுக்கும். வேலை எல்லாம் ஸ்கிரிப்ட்லதான் இருக்கு, அதத்தான் எழுதப்போறேன்.

டாக்டர் குடுத்த மேட்டர் இப்படி ஒரே வாக்கியமா இருந்துச்சு:

"ஒரு சுத்தமான பாத்திரத்துல ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணிய ஊத்தி, அதுல ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுசையும் கொட்டி, நல்லா கரையிற வரைக்கும் சுத்தமான ஸ்பூனால கலக்கி, மூடி வச்சு, 24 மணி நேரத்துக்குள்ள குடுத்து முடிச்சிடணும்."

நாம வாயால சொன்னா இதுல ஒரு தப்பும் இல்ல, தமிழ்ல நாம இப்படித்தான் பேசுவோம், ஊத்தி கொட்டி கலக்கி வச்சுன்னு வினையெச்சத்த கோத்துக்கிட்டே போயி கடைசில ஒரு வினைமுற்றுல இறக்கி வைப்போம். மனுஷன் பேசும்போது ஒவ்வொரு "ஊத்தி"க்கு அப்புறமும் ஒரு சின்ன மூச்சு வாங்குவான், குரல் லேசா மேல நிக்கும், கேக்குறவனுக்கு இன்னும் முடியலன்னு புரியும். மெஷின் குரலுக்கு அந்த பழக்கம் சரியா வர்றதில்ல. கமாவுக்கு ஒரு பொட்டு இடைவெளி விட்டுட்டு ஓடிக்கிட்டே இருக்கும், பாதி தாண்டினதும் ராகம் தட்டையாயிடும், கடைசி "முடிச்சிடணும்" வரும்போது நியூஸ் வாசிச்சு களைச்சுப்போன ஆள் மாதிரி இருக்கும். அவதாரோட வாய் அந்த நேரம் முழுக்க ஒரு தடவ கூட மூடி ஓய்வெடுக்கல, அதுதான் பாக்குறவன் கண்ண உறுத்துது. ஏன் உறுத்துதுன்னு அவனுக்கு சொல்லத் தெரியாது, "ஏதோ பொம்மை மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொல்லுவான்.

இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறேன், வாக்கியம் நீளமானா லிப் சிங்க் தானா விலகிப்போகும்னு பலபேர் நினைக்கிறாங்க, பெரும்பாலும் அப்படி இல்ல. ஹைதராபாத் ஐஐஐடி ஆளுங்க 2020ல வெளியிட்ட Wav2Lipன்ற லிப் சிங்க் மாடல எடுத்துக்கங்க, அதுல வாயும் சத்தமும் ஒட்டுதான்னு பாக்குற பகுதி ஒரு தடவைக்கு 5 ஃப்ரேம்தான் பாக்கும், 25 ஃப்ரேம் வீடியோவுல அது 0.2 செகண்டு. அதுக்கு வாக்கியம்னா என்னன்னே தெரியாது, அந்தந்த நொடியோட சத்தத்துக்கு அந்தந்த வாய், அவ்வளவுதான். நீளத்தால வர்ற பிரச்சனை வேற மூணு. ஒண்ணு மேல சொன்ன குரல். ரெண்டாவது, அவதாரோட அடிப்படை வீடியோ ஒரு அளவுக்குத்தான் இருக்கும், அது தீர்ந்தா திரும்ப முதல்லேர்ந்தோ இல்ல தலைகீழாவோ ஓடும், அந்த இடத்துல தோள் ஒரு வெட்டு வெட்டும், பேச்சு நடுவுல அது வந்தா அசிங்கம். மூணாவது பைசா: ஒரு சொல்லு தப்பா வந்தா அந்த சீன் முழுசையும் திரும்ப ரெண்டர் பண்ணணும், சீன் 18 செகண்டா இருந்தா 18 செகண்டுக்கும் கிரெடிட் போகும், நாலு செகண்டா இருந்தா நாலோட போச்சு.

சரி நீளத்த எப்படி அளக்குறது. டூல்காரங்க எழுதி வச்சிருக்கிற டிப்ஸ் எல்லாம் "வாக்கியத்துக்கு இத்தனை வார்த்தை"ன்னு இருக்கும், அது இங்கிலீஷுக்கு சரி. தமிழ்ல "நேரத்துக்குள்ள" ஒரே வார்த்தை, "ஒரு"வும் ஒரே வார்த்தை, இத வச்சு என்ன கணக்கு போடுறது. கேரக்டர் கணக்கும் உதவாது, "பாக்கெட்டு"ன்னு எழுதினா நமக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டருக்கு பத்து, ஏன்னா காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி கேரக்டரா எண்ணும். டெக்ஸ்ட் பாக்ஸ்ல லிமிட் இருந்தா தமிழ் சட்டுனு நிரம்பிடுறதுக்கு இதான் காரணம், உங்க ஸ்கிரிப்ட் நீளம்னு அர்த்தமில்ல.

நான் எண்ணுறது புள்ளி எழுத்த விட்டுட்டு மிச்ச எழுத்த. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி எழுத்து எண்ணுவாங்கல்ல, அதே கணக்கு, ஸ்கூல்ல படிச்சது இப்படி ஒரு இடத்துல உதவும்னு நினைக்கல. "பாக்கெட்டு" அப்போ மூணு. வாய் எத்தனை தடவ திறக்குதோ ஏறக்குறைய அத்தனை எண்ணிக்கை வரும். நிதானமா சொல்லிக்குடுக்குற குரலுக்கு செகண்டுக்கு அஞ்சுன்னு வச்சுக்கிறேன், உங்க குரல் வேகமா இருந்தா ஒரு பத்திய பேசவிட்டு ஆடியோ நீளத்தால வகுத்து பாத்துக்கங்க. கையால எண்ணி முடியாதுன்னு சின்னதா ஒரு பைத்தான்:

```python
import re
t = open("script.txt", encoding="utf-8").read()
for s in re.split(r"(?<=[.?!])\s+", t.strip()):
    n = len(re.findall(r"[அ-ஔக-ஹ]", s)) - s.count("்")
    print(n, round(n / 5, 1), s)
```

வரிசையா எண்ணிக்கை, செகண்டு, வாக்கியம்னு வரும். "ஓ.ஆர்.எஸ்."னு புள்ளி வச்சு எழுதியிருந்தா அங்கேயே வாக்கியம் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும், பல குரலும் அதே மாதிரி அங்க நின்னு நின்னு வாசிக்கும், அதனால "ஓ ஆர் எஸ்"னு இடம் விட்டு எழுதிடுங்க. நம்பரையும் எழுத்தால எழுதிட்டுத்தான் எண்ணணும், "24"ன்னு விட்டா கணக்குலயே வராது, வாசிக்கும்போதும் பேச்சுத்தமிழுக்கு நடுவுல திடீர்னு "இருபத்து நான்கு"ன்னு மேடை தமிழ்ல இறங்கும்.

டாக்டரோட வாக்கியத்த இருபத்தி நாலுன்னு மாத்தி போட்டா 89 வந்துச்சு, கிட்டத்தட்ட 18 செகண்டு ஒரே மூச்சுல. நான் வச்சிருக்கிற எல்லை 12லேர்ந்து 20, ரொம்ப போனா 25, அதாவது ரெண்டரை செகண்டுலேர்ந்து அஞ்சு செகண்டு. வெட்டுற இடம் தேட வேண்டியதே இல்ல, வினையெச்சம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் கத்தி வைக்கலாம், "ஊத்தி"ய "ஊத்துங்க"ன்னு ஆக்கினா வாக்கியம் முடிஞ்சிடும். அப்படி எல்லாத்தையும் வெட்டி டாக்டர் கிட்ட போட்டு காட்டினேன்:

"எடுங்க. ஊத்துங்க. கொட்டுங்க. கலக்குங்க. மூடி வைங்கன்னு என்ன தம்பி, ட்ரில் மாஸ்டர் மாதிரி அதட்டுது இந்த பொண்ணு. ஜனங்க பயந்துடுவாங்க."

நியாயம்தான். "மூடி வைங்க" வெறும் நாலு எழுத்து, ஒரு செகண்டு கூட இல்ல, அவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு குரல் ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிச்சு புதுசா இறங்கும், சில அவதார் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் தலையை வேற ஆட்டும். அதனால ஒரு வாக்கியத்துக்கு ஒரு எச்சம் வரைக்கும் விட்டு வைக்கலாம், ரெண்டாவது எச்சம் வந்தா வெட்டணும். அதோட டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க, கடைல ஒரு லிட்டருக்கு உள்ள பெரிய பாக்கெட்டும் இருக்கு, 200 மில்லிக்கு உள்ள சின்ன பாக்கெட்டும் இருக்கு, சின்னத போயி ஒரு லிட்டர்ல கலக்கினா தண்ணியா போயிடும், பெருச ஒரு டம்ளர்ல கலக்கினா உப்பு ஏறி குழந்தைக்கு ஆபத்து, அத சொல்லாம இந்த வீடியோவே வேணாம்னாங்க. அதையும் சேத்து கடைசில நின்னது இது, முன்னாடி இருக்கிறது எண்ணிக்கை:

```
12  சுத்தமான பாத்திரம் ஒண்ணு எடுங்க.
17  இது ஒரு லிட்டர் பாக்கெட்டானு உறையில பாருங்க.
17  காய்ச்சி ஆறின தண்ணி, சரியா ஒரு லிட்டர் ஊத்துங்க.
19  பாக்கெட் முழுசையும் கொட்டுங்க, பாதி பாதியா பிரிக்காதீங்க.
14  கரையிற வரைக்கும் கலக்கி, மூடி வைங்க.
19  இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள குடுத்து முடிங்க.
11  மிச்சம் இருந்தா கீழ ஊத்திடுங்க.
```

மொத்தம் 109, 22 செகண்டு, இடைவெளியோட சேத்து 28 பக்கம். பழசு 18 செகண்டு, இது கூட பத்து செகண்டு அதிகம், ஆனா கேக்குறவங்க கூடவே வர முடியுது.

அளவு சொல்ற இடம் கொஞ்சம் இழுத்துச்சு. ரெண்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு தடவ வயித்தால போனதுக்கு அப்புறமும் 50-100 மில்லி, அதுக்கு மேல 100-200 மில்லின்னு டாக்டர் எழுதியிருந்தாங்க. நடுவுல உள்ள கோட்டை குரல் எப்படி வாசிக்கும்னு நம்ப முடியாது, விட்டுடலாம், கழித்தல்னும் சொல்லலாம். "அம்பதுலேர்ந்து நூறு மில்லி"ன்னு எழுதலாம், ஆனா வீட்ல யாரு மில்லி பாத்து ஊத்துறா, 200 மில்லி டம்ளர் ஒண்ண கைல காட்டி "கால் டம்ளர்லேர்ந்து அரை டம்ளர்"னு சொல்ல வச்சோம், நம்பர திரையில எழுத்தா போட்டோம். வாய்க்கு வர்றதும் கண்ணுக்கு வர்றதும் ஒண்ணாவே இருக்கணும்னு அவசியமில்ல.

இப்ப உதடு. சத்தத்துல எவ்வளவோ வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்கு தெரியுறது கொஞ்சம்தான். ழ, ள, ண எல்லாம் நாக்கு உள்ள பண்ற வேலை, அவதார் அதுல என்ன தப்பு பண்ணாலும் யாருக்கும் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். கண்ணு பிடிக்கிறது ப, ம ரெண்டும்தான், ரெண்டு உதடும் ஒட்டியே ஆகணும், ஒட்டலன்னா ஒரு நொடில பொய்னு தெரிஞ்சிடும். அதுக்கடுத்து வ, அப்புறம் உ ஊ ஓ வரும்போது உதடு குவியணும். ப, ம சொல்லும்போது உதடு மூடியிருக்குற நேரம் ரொம்ப கம்மி, 25 ஃப்ரேம் வீடியோவுல ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்டு, நிதானமா பேசினா ரெண்டு ஃப்ரேம் கிடைக்கும், வேகமா பேசினா ஒண்ணு, அந்த ஒத்த ஃப்ரேமை மாடல் வழவழன்னு ஆக்குறேன்னு கரைச்சிடும், உதடு நெருங்கி வந்து ஒட்டாமலே திறந்துடும். அதனால வேகத்த கூட்டி நீளத்த சமாளிக்கலாம்னு நினைக்கவே கூடாது, வாக்கியத்த குறைக்கணும், வேகத்துல கை வைக்கக் கூடாது. ஆரம்பத்துலயே அவதார் தேர்ந்தெடுக்கும்போது "அம்மா பாப்பாவுக்கு பப்பாளி குடுத்தாங்க"ன்னு ஒரு வரி பேசவிட்டு பாருங்க, ப்ப, ம்ம ரெண்டுலயும் உதடு நல்லா அழுந்தி மூடணும், இதுலயே மூடலன்னா அந்த அவதார் தமிழுக்கு ஆகாது, வேற பாருங்க.

"பாதி பாதியா பிரிக்காதீங்க" வரி எனக்கு இதனாலதான் தலைவலி ஆச்சு. மூணு வார்த்தையும் ப-ல ஆரம்பிக்குது, நடுவுல இடைவெளி இல்ல. விஎல்சி-ல E அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், அப்படி பாத்தா முதல் "பா" மூடுது, ரெண்டாவது "பா"வுல உதடு பாதில திரும்புது, பல்லு தெரியுது. அதே வரிய முழு வேகத்துல ஓட்டினா என்ன தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த இடத்துல கண்ணு மட்டும் வாய்க்கு போயிடுது. வரிய மாத்தலாம்னா டாக்டருக்கு அதுதான் உயிர் வரி. கடைசில அந்த வரிக்கு அவதாரையே காட்டல, குரல் ஓடும்போது கை பாக்கெட்ட கவுத்து கொட்டுற க்ளோசப் போட்டுட்டோம், சிஸ்டர் கைதான், கைக்கு வெக்கம் இல்லையாம்.

இதுலயே ஒரு பழக்கமும் வந்துடுச்சு. ஸ்கிரிப்ட் எழுதும்போதே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல முகம், கைன்னு ஏதாவது ஒண்ணு எழுதிடுவேன். சிக்கலான உதட்டு வரி, மருந்து பேரு, தவிர்க்க முடியாத நீள வாக்கியம் எல்லாம் கைக்கு, கண்ண பாத்து சொல்ல வேண்டியது மட்டும் முகத்துக்கு. எப்படியும் அவதாரால தண்ணி ஊத்தி காட்ட முடியாது.

தமிழுக்கே உரிய ஒரு குழப்பம், சொல்லின் கடைசில வர்ற ம். "பாத்திரம்"னு எழுதுறோம், பேசும்போது அந்த ம் மூக்குக்குள்ள போயிடும், உதடு ஒட்டாது, நீங்களே கண்ணாடி முன்னாடி "மரம் வெட்டுறாங்க"ன்னு சாதாரணமா சொல்லி பாருங்க. மெஷின் குரல் அத எழுத்துப்படி அழுத்தி ம்முனு மூடும், அவதாரும் மூடும், வாயும் சத்தமும் ஒட்டும் ஆனா பேச்சு இயல்பா இருக்காது. அதுவே நீங்க உங்க குரல்ல ரெக்கார்ட் பண்ணி குடுத்தா வாய் லேசா திறந்தே நிக்கும், அத லிப் சிங்க் தப்புன்னு நினைச்சு திரும்ப ரெண்டர் போட்டு காசை வீணாக்காதீங்க, அது சரிதான். முற்றுப்புள்ளிக்கு முன்னாடி வர்ற ம் மட்டும் வேற மாதிரி உதவும், வாக்கியம் "-ணும்"னு முடிஞ்சா மெஷின் குரல் வாயை மூடி முடிக்கும், அடுத்த சீனுக்கு வெட்டுறதுக்கு சுத்தமான இடம் கிடைக்கும். "-ங்க"ன்னு முடிஞ்சா வாய் திறந்தே நிக்கும், உடனே வெட்டினா துள்ளும். நாங்க மரியாதைக்காக "-ங்க"தான் வச்சோம், அதனால ஒவ்வொரு ஆடியோவுக்கும் முன்னாடி 0.4 செகண்டும் பின்னாடி 0.5 செகண்டும் மௌனம் ஒட்டினோம்:

```
ffmpeg -i v03.wav -af "adelay=400:all=1,apad=pad_dur=0.5" v03_ok.wav
```

இதனால அவதார் வாய் மூடின நிலைல ஆரம்பிச்சு மூடின நிலைல முடியுது, எந்த வரிய எடுத்து எங்க போட்டாலும் ஒட்டுது. மௌனம்னா உண்மையான மௌனமா இருக்கணும், சொந்தக் குரல்ல ரெக்கார்ட் பண்றவங்க ஃபேனை அணைச்சிடுங்க, அந்த இரைச்சலையும் பேச்சுன்னு எடுத்துக்கிட்டு இடைவெளில உதடு துடிக்கும். டூலுக்குள்ளயே டெக்ஸ்ட் குடுக்குறவங்களுக்கு `<break time="400ms"/>` சில இடத்துல வேலை செய்யும், சில டூல் அத சத்தமா வாசிச்சு மானத்த வாங்கும், முதல்ல ஒரு வரில போட்டு பாத்துக்கங்க.

கடைசி ஜோடிப்புல ஆடியோவையும் வீடியோவையும் தனியா கையாண்டா எத்தனை ஃப்ரேம் தள்ளினா தப்பில்லன்னு ஒரு கேள்வி வரும். டிவி ஒளிபரப்புக்கு ஐடியுன்ற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு 1998ல போட்ட பிடி.1359 பரிந்துரைப்படி சத்தம் முன்னாடி வந்தா 45 மில்லி செகண்டுலயே ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க, பின்னாடி வந்தா 125 வரைக்கும் தெரியாது. அதாவது ஒரு ஃப்ரேம் முன்னாடிக்கே ஓரமா நிக்கிறீங்க, பின்னாடி மூணு ஃப்ரேம் வரைக்கும் பிழைக்கலாம். உலகத்துல சத்தம் எப்பவும் காட்சிக்கு அப்புறம்தான் வருது, நமக்கு அது பழகிடுச்சு. அதனால சந்தேகமா இருந்தா சத்தத்த ஒரு ஃப்ரேம் பின்னாடி தள்ளுங்க, முன்னாடி இழுக்காதீங்க. பாக்குறதுக்கு நல்ல இடம் அந்த "பாக்கெட்" மாதிரி ப-ல ஆரம்பிக்கிற வார்த்தை, உதடு ஒட்டி விடுபடுற ஃப்ரேமும் ஆடியோ அலை திடீர்னு எழுற இடமும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்.

இப்ப அது ஹால்ல ஓடுது. மூலையில "இது ஏஐ உருவம், தகவல் டாக்டர் சரிபார்த்தது"ன்னு எழுத்து போட்டிருக்கோம், மருந்து விஷயத்துல யாரோ ஒரு அம்மா சொல்றாங்கன்னு ஜனங்க நினைக்கக் கூடாதுன்னு டாக்டர்தான் கேட்டாங்க. அடுத்து ஜிங்க் மாத்திரைக்கு ஒண்ணு வேணுமாம், 14 நாள் விடாம குடுக்கணும்னு சொல்ற வீடியோ. "பதினாலு நாளும் விடாம குடுங்க, பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க", எண்ணி பாத்தேன், 22 வருது, ப ரெண்டே ரெண்டு, முகத்துக்கே வைக்கலாம்.